வெட்டுத் தெரியாத வெட்டு

மூக்கண்டப்பள்ளியில் மாதப்பன் ஸ்டூடியோ என்றால், விவரம் தெரிந்தவர்கள் ஜோதிமணியைத்தான் நினைப்பார்கள். கடைக்குப் பெயர் மாதப்பனுடையது, கை அவளுடையது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, ஆல்பம் ஒட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சுற்று வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களையெல்லாம் வெட்டி ஒட்டியவள். பேசும்போது ஒருவர் திக்கினாலும் தும்மினாலும் அந்த இடத்தை அவள் எடுத்துவிடுவாள். எடுத்த இடத்தில் முகம் சட்டென்று எகிறுவது தெரியாமல் மேலே ஒரு பூமாலையை, ஒரு நாதஸ்வரத்தை, சாப்பாட்டுப் பந்தியை வைத்து மூடிவிடுவாள். கல்யாண வீட்டில் மூடுவதற்கு என்ன பஞ்சம்?

அந்தப் பெருமையில்தான் தினேஷ்குமார் வந்து மண்ணைப் போட்டான். கிருஷ்ணகிரிக்காரன். பெங்களூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பியவன். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்று ஜோதிமணி முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். காளானோ மரியாதை தெரிந்த பையனாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. மூடுவதற்குப் படமே இல்லாத இடத்தில், வெட்டின இரண்டு துண்டுகளுக்கு நடுவில் மார்ஃப் கட் என்று ஒன்றைப் போடுவான். முதல் துண்டின் முகத்தில் கண், மூக்கு, வாய் எங்கே இருக்கிறது, அடுத்த துண்டில் அவை எங்கே நகர்ந்திருக்கின்றன என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து, நடுவில் இல்லாத முகத்தைத் தானாகவே வரைந்து நிரப்பிவிடும். பேசுகிறவர் ஒரே மூச்சில் பேசியது போலிருக்கும். மாதப்பன் முதல் தடவை பார்த்துவிட்டு, வெட்டினதே தெரியலயே என்று வாயைப் பிளந்தார். இத்தனை வருஷத்தில் ஜோதிமணியின் வேலையைப் பார்த்து அவர் வாயைப் பிளந்ததில்லை. நல்லா இருக்கு என்பார், டீ சொல்லுவார், அவ்வளவுதான். அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஆஞ்சப்பன் வேலை வந்தது. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் காலமெல்லாம் நின்று ஓய்வு பெறுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து மண்டபத்தில் விழா வைத்தார்கள். அவர் பேசுகிற வீடியோ ஒன்றை அங்கே திரையில் போட்டு, அவர் மனைவி சாந்தம்மாவை அசத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கம்பெனிக்குள் கேமராவை விடமாட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்பதால் வீட்டிலும் பழைய போட்டோ கேட்க முடியாது. கம்பெனி கேட் பக்கத்து அறையில், சுவர் முன்னால் நாற்காலி போட்டு, ஒரே கேமராவில் எடுத்ததுதான் மொத்தப் படமும். மனிதர் தமிழில் தொடங்கி, தெலுங்கில் இருமி, கன்னடத்தில் முடிப்பவர். பாதிக்குப் பாதி வெட்டியாக வேண்டும், மூடவோ ஒன்றுமில்லை. மாதப்பன் அதைத் தினேஷ்குமாரிடம் கொடுத்தார். இது நல்லா வந்தா அடுத்து வர்ற கம்பெனி வேலையெல்லாம் இவன்தான் என்று அவள் காதுபடவே சொன்னார். இனித் தனக்குக் காதுகுத்தும் வளைகாப்பும்தான் மிச்சம் என்று அவளுக்குப் புரிந்தது.

பையன் பொறுமையாகத்தான் செய்தான். இரண்டு பக்கமும் வாய் மூடியிருக்கிற இடமாக, தலை அசையாத இடமாகத் தேடித் தேடி வெட்டினான். சத்தம் அறுபடாமல் இருக்க அந்த அறையின் வெறும் இரைச்சலை அடியில் ஓடவிட்டான். முடித்துவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. என் கண்ணுக்குப் பழகிப்போச்சு."

அவள் பார்த்தாள். வேலை பார்க்கிறவள் கண்ணால் அல்ல, குற்றம் தேடுகிறவள் கண்ணால். எல்லா வெட்டும் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போயின. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தப்பு சிக்கியது.

ஆஞ்சப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கல்யாணமாவதற்கு முன்பே மெஷின் எடுத்துக்கொண்டது. பேட்டி முழுக்க அந்தக் கையை மடியில் ஒளித்துவிட்டு, இடது கையை ஆட்டித்தான் பேசினார். மனைவியைப் பற்றிச் சொல்ல வந்தபோது மட்டும் மறந்துபோய் வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிவிட்டார். தினேஷ்குமார் வெட்டினது சரியாக அங்கே. வெட்டுக்கு முன்னால் நெஞ்சருகே இடது கை, பின்னால் அதே இடத்தில் வலது கை. முகம் பொருந்தியது. கைக்குக் கம்ப்யூட்டர் கணக்குத் தப்பி, ஒன்றின் மேல் ஒன்றைக் கலந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள், விரல் போன கையில் புகை மாதிரி விரல்கள் முளைத்து மறைந்தன. பையன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைக் கவனிக்கவில்லை.

சரிசெய்வது சுலபம். கை இறங்கிய இடத்துக்கு வெட்டை நகர்த்தலாம். அல்லது அடுத்த துண்டைக் கொஞ்சம் பெரிதாக்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் கை படத்துக்கு வெளியே போய்விடும். அது அவளுடைய பழைய முறை. சொல்லியிருக்கலாம். பெரிய திரையில் ஊரே பார்க்கட்டும், இவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும் என்று நினைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மண்டபத்தில் அவளும் போய் உட்கார்ந்தாள், வேடிக்கை பார்க்க. அந்த இடம் நெருங்க நெருங்க, தன் பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வருகிற மாதிரி அவளுக்கு நெஞ்சு அடித்தது. விரல்கள் வந்தன, போயின. யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. முன்வரிசையில் சாந்தம்மா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அத இன்னொருக்கா போடுங்க," என்றாள்.

போட்டார்கள். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து அவரோட முழுக் கையை நான் பார்த்ததே இல்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு, வலது கையை எடுத்து மனைவியின் தோள்மேல் வைத்தார். கூட்டம் கைதட்டியது. மாதப்பன் தினேஷ்குமாரைக் கட்டிப்பிடித்தார்.

ஜோதிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வேலை செய்தாலும் அவனுக்குப் பாராட்டு, தப்பு செய்தாலும் பாராட்டு. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் அவள். மூக்கு போனதுதான் மிச்சம். பையனோ குன்றிப்போய் நின்றான். அது என் தப்பு, கவனிக்காம விட்டுட்டேன் என்று மாதப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் சாந்தம்மா ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். அந்தக் கை இருக்கிற படம் மட்டும் ஒன்று வேண்டும், வீட்டில் மாட்ட. தினேஷ்குமார் கம்ப்யூட்டரில் தேடினான். அங்கே தள்ளினான், இங்கே தள்ளினான், விரல்கள் முழுசாகத் தெரிகிற அந்தக் கணம் அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தம்மா நாற்காலியின் விளிம்பில் காத்திருந்தாள்.

ஜோதிமணிக்குப் பொறுக்கவில்லை. அவனை நகரச் சொல்லிவிட்டு மௌஸைப் பிடித்தாள். தேடவே இல்லை. நேரே போய் நிறுத்தினாள். திரையில் ஆஞ்சப்பன் விரல்களோடு உட்கார்ந்திருந்தார்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் சாந்தம்மா அதைத் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். தினேஷ்குமார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் கை இன்னும் அந்த மௌஸின் மேலேயே இருந்தது.

"தெரியும்," என்றாள்.

அவன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவனோ நாற்காலியை இழுத்துப்போட்டு அடுத்த வேலையைத் திறந்தான். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அவளிடம் காட்டி, பாத்துச் சொல்லுங்க அக்கா என்று அவன் கேட்டதில்லை.