பத்து நாள் தள்ளி எடுத்த ரீடிங்

இரண்டாயிரத்துப் பதினைந்து, ஜூன் மாதம். தங்கமாரி நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவர் வீட்டுக்காரம்மா பெருந்தேவி. கரண்ட் பில்லை மேசையில் வைத்து எடுத்த படம். அடியில் ஒரே வரி: ‘பாதி உங்களுது. அந்த அடுப்ப மொதல்ல நிறுத்தச் சொல்லு.’

மொத்தம் 3,426 ரூபாய். வழக்கமாக அதில் பாதிகூட வராது.

தங்கமாரிக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை. கட்டிக்கொண்டவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். இவளும் தேடிப் போகவில்லை. படப்பையில் பெருந்தேவி வீட்டு மாடியில் ஒரு அறை. கீழே பெருந்தேவியும் அவர் மகனும். இரண்டுக்கும் ஒரே மீட்டர் என்பதால் பில் வந்தால் ஆளுக்குப் பாதி. மே மாத நடுவில்தான் தங்கமாரியின் அறைக்கு மாரிசெல்வி வந்து சேர்ந்தாள். மஞ்சள் காமாலை வந்து தேறியவள். கேன்டீன் எண்ணெய்ச் சோறு ஆகாதென்று ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்து கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் நுழைந்தபோது மாரிசெல்வி அடுப்பில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கமாரிக்குக் கால் இரண்டும் கனத்தன. யோசிக்கத் தெம்பில்லை.

“ஏ, அத அமத்து. ஒன் அடுப்பால எம்புட்டு வந்திருக்குன்னு பாரு” என்று போனை நீட்டினாள்.

மாரிசெல்வி பார்த்தாள். சுவிட்சை அணைத்தாள். வேகாத அரிசியைத் தண்ணீரோடு மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள். அன்றிலிருந்து அவள் பன்னும் டீயும்தான் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் தூக்கம் வராமல் தங்கமாரி அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். விரலால் பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தாள். யூனிட் 560. பிக்சட் சார்ஜ் ஐம்பது. மானியம் என்ற இடத்தில் பூஜ்யம். வரி என்ற இடத்திலும் பூஜ்யம். கீழே ‘கூடுதல் டெபாசிட்’ என்று தொள்ளாயிரம். மேல் ஓரம் மங்கலாக இருந்தது. அங்கே இரண்டு தேதிகள். ஒன்று ஏப்ரல் ஆறு. மற்றது ஜூன் பதினைந்தா பத்தொன்பதா என்று தெரியவில்லை.

பெருந்தேவியிடம் தெளிவாக இன்னொரு படம் கேட்டாள். வந்தது. ஜூன் பதினைந்துதான். விரல்விட்டு எண்ணினால் எழுபது நாள் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய ரீடிங் அது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேரே மின்வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கணக்குப் பிரிவில் முனிரத்தினம் என்பவர் இருந்தார். அவருக்கும் சரியான தூக்கம் இல்லாததுபோல் கண் சிவந்திருந்தது. போனை வாங்கிப் பார்த்தார்.

“இது யார் பேர்ல கீது?”

“வீட்டுக்காரம்மா புருஷன் பேர்ல, சார். நாங்க மாடியில வாடகைக்கு இருக்கோம்.”

“ஐநூறைத் தாண்டிட்டீங்கம்மா. அதான்.”

“அறுபது யூனிட்டுதான சார் தாண்டியிருக்கு? அதுக்கு இம்புட்டா?”

அவர் ஒரு பழைய தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார். “ஐநூறுக்குள்ள இருந்தா மொத இருநூறு யூனிட்டு ரெண்டு ரூவா, மேல மூணு ரூவா. ஏன் கம்மின்னா, மீதிய கவர்மென்ட் மானியமா குடுக்குது. ஐநூறுக்கு மேல ஒரு யூனிட்டு ஏறினாலும் அந்த மானியம் மொத்தமும் போயிடும். அப்போ மொத யூனிட்லர்ந்தே வேற ரேட்டு. இருநூறு வரைக்கும் மூணரை, ஐநூறு வரைக்கும் நாலு அறுபது, அதுக்கு மேல ஆறு அறுபது. பிக்சட் சார்ஜும் முப்பதுலர்ந்து ஐம்பதாயிடும். மானியத்துல பூஜ்யம் போட்டிருக்கு பாரு, அதுக்கு அர்த்தம் இதான்.”

“வரியிலயும் பூஜ்யம் போட்டிருக்காவளே?”

“வூட்டு கனெக்‌ஷனுக்கு வரி கிடையாது. அது நல்ல பூஜ்யம்.” அவர் சிரிக்கவில்லை. “இந்தத் தொள்ளாயிரம் கரண்டுக்கே இல்ல. நீங்க எரிக்கிறது கூடிப்போச்சுன்னு டெபாசிட்டையும் கூட்டியிருக்காங்க. அது கனெக்‌ஷன்காரர் கணக்குல நிக்கும், வட்டியும் வரும். நீ குடுக்கவேண்டிய பணம் இல்ல.”

தங்கமாரி தேதிகளைக் காட்டினாள். “எழுபது நாளு ஆகியிருக்கே சார். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுன்னு வச்சா, அறுபது நாளுக்கு நானூத்து எண்பதுதான வரும்?”

முனிரத்தினம் தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “ரீடிங் எடுக்கிறவர் லீவு. ஒரே ஆளு மூணு ஏரியா பாக்கிறாரு. எழுதிக் குடுங்க, ஏ.இ. இன்ஜினியர் பாத்துட்டு ரெண்டு மாசத்துக்குன்னு சரி பண்ண முடியுமான்னு சொல்வாரு. ஆனா கெடுவுக்குள்ள கட்டிடுங்க, இல்லன்னா பீஸ் புடுங்கிடுவாங்க. கொறச்சா அடுத்த பில்லுல கழிப்பாங்க. லெட்டர்ல கனெக்‌ஷன்காரர் வூட்ல இருந்துதான் கையெழுத்துப் போடணும்.”

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது தங்கமாரி இன்னொரு கணக்கும் போட்டாள். மாரிசெல்வி ஒரு மாதம்தான் அடுப்பு வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்றாலும் முப்பது. அதைக் கழித்தாலும் ஐநூற்று முப்பது. அடுப்பே இல்லாவிட்டாலும் இந்தப் பில் ஐநூறைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

பெருந்தேவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தங்கமாரி படத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“டெபாசிட் எங்க கணக்குன்னா அது உங்களுக்கு வேணாம்மா. அத நானே கட்டிக்கிறேன். ஆனா லெட்டர்லாம் வேணாம்.”

“ஒரு கையெழுத்துதான அக்கா? கொறஞ்சா ஒங்களுக்கும்தான கொறையும்.”

“இன்னா பேசற நீ? அவரு போய் மூணு வருஷமாச்சு, இன்னும் பேர் மாத்தல. மாடியும் பிளான் வாங்காம கட்டினது. லெட்டர் குடுத்தா எவனாவது பாக்க வருவான். பாத்தா வேற ஏதாவது சொல்வான். எனக்கு இந்த வூட்ட வுட்டா வேற இன்னா கீது?”

தங்கமாரி இன்னும் சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவரின் பயம் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் ஒரு இரவு முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தாள். டெபாசிட் போக மீதியில் பாதி, 1,263 ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். மாரிசெல்வியிடம் பங்கு கேட்கவில்லை.

மாரிசெல்வி சாயங்காலம் வந்தாள். முகம் மறுபடி வெளுத்திருந்தது.

“ஒன் அடுப்பால இல்ல பிள்ள. அவ்வோ ரீடிங் எடுக்க பிந்தி வந்திருக்காவ. நாந்தான் பாக்காம பேசிட்டேன். இனி நீ கஞ்சி வச்சிக் குடி.”

“விடுங்கக்கா.”

“கோவமா?”

“கோவம்லாம் இல்லக்கா. முடியல, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அன்று தங்கமாரி கஞ்சி வைத்தாள். எழுப்பியபோது பாதி குடித்தாள்.

ஜூலை கடைசியில் மாரிசெல்வி வாலாஜாபாத்தில் ஒரு சித்தி வீடு இருக்கிறது, அங்கிருந்தே கம்பெனி பஸ் வருகிறது என்று சொல்லிக் கிளம்பினாள். பஸ் வருவது உண்மைதான். தங்கமாரி பையை ஆட்டோ வரை தூக்கிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னாள், பண்ணினாள்.

ஆகஸ்டில் ரீடிங் சரியான நாளில் எடுத்தார்கள். நானூற்றுச் சொச்சம் யூனிட். பெருந்தேவி அனுப்பிய படத்தில் இந்தத் தடவை தேதியும் தெளிவாகத் தெரிந்தது. மானியம் என்ற இடத்தில் பூஜ்யம் இல்லை, எண் இருந்தது. தங்கமாரி பார்த்துவிட்டு ‘சரிக்கா’ என்று பதில் போட்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட். அதற்குள் கொஞ்சம் தூங்கிவிடலாம் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.