கடைசி வரி

நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். நான் இருந்த பதிப்பு மூடப்பட்ட பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் கடை மாடியில் இயங்கிய சிறு மென்பொருள் குழுவில் சேர்ந்தேன். மலைக் கிராமங்களுக்குச் செல்லும் செவிலியர்கள் கர்ப்பிணிகளைப் பார்த்த விவரத்தைக் கைபேசியில் பதிய ஒரு செயலி. அதுதான் எங்கள் வேலை.

செயலியில் ஒரு பிழை இருந்தது. சிக்னல் இல்லாத ஊரில் செவிலியர் எழுதும் பதிவு கைபேசியிலேயே காத்திருக்கும். அதற்குள் அலுவலகக் கணினியில் அதே பெண்ணின் பக்கத்தை யாராவது திறந்து 'பார்க்கவில்லை' என்று சேமித்தால், இணையம் கிடைத்ததும் கைபேசி அந்தப் பக்கத்தை இறக்கித் தன் பதிவின் மேல் எழுதிவிடும். ஒரு செவிலியரின் பதிவுகள் இப்படிப் போயின. போகாத வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார் என்று அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு வீடுகளின் பதிவு மட்டும் அவர் கைபேசியில் மிச்சம் இருந்தது. அதைக் காப்பாற்ற மூன்று நாளாக இணையத்தை அணைத்து வைத்திருந்தார். மறுநாள் போளூரில் அதுபற்றிய கூட்டம். அங்கே காட்ட அவரிடம் வேறு எதுவும் இல்லை.

நான் திருத்தி முடித்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் மாறியிருந்தன. பெரும்பாலானவற்றில் மாறியது ஒரு பெயர் மட்டும். நிரலைச் சேமிக்கும்போது கூடவே எழுதும் கமிட் குறிப்பில் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் பட்டியலிட்டேன். நிரலைச் சரிபார்ப்பவர் போளூரில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பேருந்து நிலையத்திலிருந்து அழைத்தார்.

"இன்னா சார் இது, பஸ் டைம் டேபிள் மாதிரி ஊர் ஊரா எழுதிக்கீறீங்க. எதுக்கு மாத்துனீங்கன்னு மட்டும் காணோம்."

"எல்லாம் அதுலதான்மா இருக்கு."

"இருக்கும் சார். பேப்பர்ல தலைப்பு போட்டுத்தான சம்பளம் வாங்குனீங்க? எங்களுக்கும் ஒண்ணு போடுங்க. போன்ல ஒரு ஸ்க்ரீனுக்குள்ள வரணும். பஸ் வந்துரும்."

மலைப் பாதையில் பேருந்து ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். அதனால் குறிப்பு ஒரு திரைக்குள் அடங்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம்.

திரும்ப எழுதினேன். முதல் வரி: 'ஒரே பெண்ணுக்கு இரு பதிவு வந்தால் இரண்டையும் வைத்திரு.' ஒரு வரி இடைவெளி. பிறகு காரணம்: பிந்தைய பதிவு முந்தையதை அழித்துவந்தது. பிறகு, பார்க்க வேண்டிய ஒரே கோப்பின் பெயர், மற்றவற்றில் பெயர் மாற்றம் மட்டுமே என்ற தகவல். கடைசியில் ஒரு வரி: 'கைபேசியில் புதிய பதிப்பைக் கேபிள் வழியாக நிறுவிய பிறகே இணையத்தைத் திறக்க வேண்டும், பழைய பதிப்பு இன்னும் அழிக்கும்.'

திரையைத் தாண்டி ஒரு வரி மிஞ்சியது. நாளிதழில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும் என்பது கணக்கு. கை தானாகவே போனது. வெட்டினேன்.

சரிபார்ப்பவர் நான் சொன்ன கோப்பைத் திறந்து, ஆறு வரிகளைப் படித்து, ஒரு கேள்வி கேட்டு, ஏற்றுக்கொண்டார். "இப்பதான் சார் குறிப்பு மாதிரி கீது," என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்துச் செவிலியர் மாடி ஏறி வந்தார். கையில் கைபேசி.

"மேடம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போன் பண்ணாங்க. எல்லாம் ரெடி ஆயிடுச்சி, நெட்டு போட்டுக்கோங்க சிஸ்டர்னாங்க. போட்டேன். அந்த நாலு வூடும் காணோங்க."

வாங்கிப் பார்த்தேன். பழைய பதிப்பு. நான்கு பெயர்களுக்கு எதிரேயும் 'பார்க்கவில்லை' என்று இருந்தது.

நான் வெட்டிய வரியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அதை மேடத்துக்கு எழுதலியாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதினேன். எடுத்துட்டேன்."

"சரிங்க."

கைபேசியைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கீழே போளூர் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நான் எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. கேபிளை எடுத்து வைத்திருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

மறுநாள் கூட்டத்துக்கு, பிழையையும் என் தவறையும் விவரித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்கு வீடுகளுக்கும் ஆள் அனுப்பி விசாரிப்பதாகச் சொன்னார்களாம். அனுப்பினார்களா என்று தெரியவில்லை. செவிலியர் அடுத்த மாதம் வேறு மையத்துக்குப் போய்விட்டார்.

கமிட் குறிப்பு அப்படியே இருக்கிறது. எல்லோரும் நிரலைத் தங்கள் கணினிக்கு எடுத்துக்கொண்ட பிறகு அதை மாற்றக் கூடாது. விட்டுப்போன வரியைத் தனிக் கமிட்டாகச் சேர்த்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நல்ல குறிப்புக்கு உதாரணமாக முதலாவதைத்தான் காட்டுகிறார்கள். இரண்டாவதைத் திறந்து பார்ப்பவர் அரிது.