ஞாயிறு நம்பி எழுதிய அட்டவணை

யோகேஸ்வரிக்குக் கணக்கு நன்றாகவே வரும். சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சரக்கு சோதிப்பவள், எண்ணிக்கையில் ஏமாறமாட்டாள். நாவல் போட்டி அறிவிப்பு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் கதையை யோசிப்பதல்ல, காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான்.

குறைந்தது ஐம்பதாயிரம் சொற்கள், கடைசி நாள் பிப்ரவரி இருபத்தெட்டு. செப்டம்பர் இரண்டாம் தேதி தொடங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு நானூறு, வாரம் இரண்டாயிரம், இருபத்தைந்து வாரம். மிச்சமிருக்கும் ஒரு வாரம் திருத்துவதற்கு. சனிக்கிழமை ஓவர்டைம், அன்று எழுத்து கிடையாது. ஞாயிறு, விட்டதைப் பிடிக்கும் நாள். பரிசுப் பணம் யாருக்கு வேண்டும்? ஜெயித்தால் புத்தகமாகப் போடுவார்கள். நாற்பத்தாறு வயதில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டாள். வேறொன்றுமில்லை.

எழுதுவதெல்லாம் தொழிற்சாலை பஸ்ஸில், கைபேசியில். விடிவதற்கு முன் மலேசியாவின் ஜோகூரில், வீடிருக்கும் தம்போயில் ஏறினால் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நூற்றைம்பது சொல் தேறும். திரும்பும்போது கண் சொருகிக்கொண்டே நூறு. ஆக இருநூற்றைம்பது. நானூறை ஒரு நாளும் அவள் தொட்டதில்லை. வாரத்துக்கு எழுநூற்றைம்பது துண்டு விழும். அதை ஞாயிறு காலை உட்கார்ந்து மதியத்துக்குள் அடைத்துவிடுவாள்.

ஏனென்றால் ஞாயிறு அவளுடைய தனிச்சொத்து. ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறன்று கணவர் ரூபேந்திரன் நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போய்விடுவார், மகள் லோஷினி பள்ளிக்கு. சிங்கப்பூரில் வேலை செய்பவளுக்கு மட்டும் லீவு. பதினோரு வருடமாக அந்த வீட்டில் மூவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்த்ததில்லை. அந்தக் குறையில்தான் நாவல் வளர்ந்தது. ஒரே பஸ்ஸில் போய்வரும் மூன்று பெண்களின் கதை. டிசம்பர் கடைசி ஞாயிறன்று முப்பத்து நாலாயிரம், அட்டவணையில் இருந்தபடியே.

அக்டோபரிலேயே சேதி வந்திருந்தது. "ஜனவரியிலேர்ந்து சனி ஞாயிறு லீவு லா, எங்களுக்கும்," என்று ரூபேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவளும் தலையாட்டினாள். எழுந்து போய் அட்டவணையைத் திருத்தினாளா? இல்லை. ஞாயிறு அதில் உபரி நாள்தானே என்று இருந்துவிட்டாள். உபரி என்று எழுதிவைத்ததை உயிர்நாடியாக்கிக்கொண்டவள் அவளேதான், இதில் யாரை நோவது.

ஜனவரி முதல் ஞாயிறு, ரூபேந்திரன் ஆறு மணிக்கே எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். "மூணு பேரும் ஒண்ணா பசியாறி எவ்ளோ வருஷமாச்சு, சொல்லு?" அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வாரம் லாயாங் லாயாங் என்ற ஊரில் அவர் அத்தை வீடு. அதற்கடுத்த வாரம் கோயில், பிறகு லோஷினிக்குக் காலணி. நாவல் எழுதுவதை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள். இனிச் சொன்னால் இந்த ஞாயிறுகளைக் கேட்பதாக ஆகிவிடும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி மறுபடியும் கணக்குப் போட்டாள். கையில் முப்பத்தேழாயிரத்து எழுநூற்றைம்பது. திருத்தும் வாரத்தையும் விழுங்கினால் முப்பது நாள். நாளுக்கு நானூற்றுப் பத்து. பஸ் கொடுப்பதோ இருநூற்றைம்பது. தூக்கத்தைக் குறைத்துப் பார்த்தாள். சோதனை மேசையில் இரண்டு பழுதான சாமான்களை நல்லது என்று அனுப்பிவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் பஸ்ஸும் இல்லை, எழுத்தும் இல்லை. பிப்ரவரியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தினம் இருநூற்றைம்பது எழுதிக்கொண்டிருந்தாள், நிறுத்தத் தெரியாமல்.

கடைசி நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். மூன்று பெண்களும் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. விண்ணப்பத்தில் சொற்களின் எண்ணிக்கையைக் கேட்ட கட்டத்தை வெறுமனே பார்த்துவிட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது. என்ன ஏதென்று பதறிப்போய்க் கேட்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஞாயிறு என்ற ஒன்றைத் தவிர.

ரூபேந்திரன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இதுக்கா அழற? அடுத்த போட்டிக்கு எழுதலாம் லா. முன்ன மாதிரி நீ ஞாயித்துக்கிழமை தனியா உக்காந்திருக்க வேண்டாமே. இனி நாங்களும் கூடவே இருப்போம்."

அவள் இன்னொரு தோசை வாங்கிக்கொண்டாள்.