எல்லாரும் பணத்தை எடுத்த நாள்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு விதைக்கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் வேலை. எனக்குப் பொறுமை குறைவு என்று என் மனைவி சொல்வாள். மாதம் ஆயிரம் போடுகிறவர் வாரத்துக்கு நாலு முறை போன் செய்து "இன்னிக்கு எவ்ளோ சார் கீது?" என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் இங்கே நான் எழுதப்போவது அப்படிப் போன் செய்யாத ஒருவரைப் பற்றி.

பெருநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகளிர் குழு என்னைத் தேடி வந்தது. பங்குச்சந்தை ஏறிக்கொண்டிருந்த காலம். குழுத் தலைவியின் தம்பி ஏதோ ஃபண்டில் லாபம் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போய்த் தன் போனைக் காட்டியிருந்தார். அது போதாதா? பன்னிரண்டு பேரும் மாதம் ஆயிரம் கட்டுவதாக ஒரே நாளில் ஆதார் அட்டையோடு மாடியேறி வந்துவிட்டார்கள்.

"இந்தப் பணம் எத்தனை வருஷம் கழித்து வேண்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லாரும் தலைவியின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர்தான் சொந்தமாகப் பதில் சொன்னார். நாற்று நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறவர். புருஷன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார்.

"ஏழு வருஷம் போவட்டும் சார். வூட்டுக்குத் தளம் போடணும். ஷீட்டு வூடு, மழ வந்தா ஒரே ஒழுக்கு."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "ஏழு வருஷம்னா சரிதான்மா. நடுவுல சந்தை எறங்கினாலும் பயப்படாம கட்டிக்கினே இரு" என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மகளிர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வங்கிக் கடனை ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் எதையும் தனியாக முடிவு செய்ய மாட்டார்கள். வாங்கினால் எல்லாரும், விட்டால் எல்லாரும். கடனுக்கு அது பெரிய பலம். அதே வழக்கத்தை அவர்கள் என் மாடிக்கும் கொண்டுவந்தார்கள். இங்கே அவரவர் கணக்கு தனி, அவரவர் தேவை தனி, அடுத்தவள் எடுத்தால் நீ எடுக்க வேண்டியதில்லை என்று அன்றே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஒரே நாளில் பன்னிரண்டு கணக்கு கிடைத்த சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. போட்டதற்கு மேல் சில ஆயிரம் லாபம் நின்றபோது யாரும் பெரிதாக மகிழவில்லை. பிறகு சந்தை சரிந்தது. சில வாரங்களில், இருபத்து நாலாயிரம் போட்டவர் கணக்கில் பத்தொன்பதாயிரம் என்று காட்டியது. லாபத்தின்போது சும்மா இருந்த போன் இப்போது அடங்கவே இல்லை. லாபம் வந்த ஆயிரம் காதில் விழுவதில்லை, குறைந்த ஆயிரம் மட்டும் தூங்கவிடாது. எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும்தான்.

ஒரு நாள் மதியம் இரண்டு ஷேர் ஆட்டோவில் குழு வந்து இறங்கியது.

"எல்லாத்தையும் எட்த்துக் குட்த்துடுங்க சார். மிச்சமாவது மிஞ்சட்டும்" என்றார் தலைவி.

சொல்லித்தான் பார்த்தேன். விற்காதவரை இது காகிதத்தில் இருக்கும் நஷ்டம்தான், விற்றால் நிஜமாகிவிடும். விலை இறங்கியிருப்பதால் அதே ஆயிரத்துக்கு இப்போது அதிக யூனிட், அதாவது ஃபண்டில் அதிகப் பங்கு, கிடைக்கிறது. இப்போது நிறுத்துவதுதான் தப்பு என்றேன்.

"டிவில இன்னும் எறங்கும்னு சொல்றான் சார். எங்க ஊர்ல அல்லாரும் எட்த்துட்டாங்க. நாங்க மட்டும் இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்கணும்?"

ஒவ்வொருவராகப் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைப் படித்தார்கள், நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். கடைசியாக, தளம் போட வேண்டும் என்றவர். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இப்போ அவசரம் இல்லியே சார். நீங்கதான எறங்கினாலும் ஏழு வருஷம் கட்டிக்கினே இருன்னு சொன்னீங்க? என்னோடது மட்டும் இருக்கட்டுமா?"

தலைவி அவரை முறைத்தார். அவர் தலைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்மா" என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"எல்லாரும் எடுக்கறாங்க இல்லம்மா? நீ மட்டும் ஏன் தனியா? எடுத்துடு" என்றேன்.

அவர் எண்ணைப் படித்தார். நான் அடித்தேன்.

பசி, மதியம் தாண்டிவிட்டது, எரிச்சல் என்று எனக்கு நானே பல சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை. உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். சந்தை இன்னும் இறங்கி அவர் பணம் மட்டும் கரைந்தால், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஒருத்தி நொடித்துப்போனாள் என்று ஊர் முழுக்க என் பெயர்தான் அடிபடும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து நஷ்டப்பட்டால் என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மந்தைபோல ஒருவர் பின்னால் ஒருவர் போகாதீர்கள் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற நானே அந்த மந்தைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. என் சொந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் எடுக்கவில்லை. விலை இறங்கியிருக்கிறதே என்று அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.

அடுத்த வருஷத்துக்குள் சந்தை விட்ட இடத்தைப் பிடித்து மேலே போய்விட்டது. அவர்களில் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அன்று நடந்ததைப் பேச வேண்டியிருக்கும். தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிற எனக்கு அந்த ஒரு போன் செய்யத் துணிவு வரவில்லை.

பணத்தை எடுத்து நாலு வருஷம் கழித்து, இந்த வருஷம் அதே குழு மறுபடியும் வந்தது. தலைவியின் தம்பி மறுபடியும் லாபம் காட்டியிருக்கிறார். அன்று விற்ற விலையைவிட யூனிட் விலை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலையில் வாங்க வரிசையாக நின்றார்கள். இந்த முறை ஒவ்வொருவருக்கும் கணக்கு தனி என்று தொண்டை வறளச் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தலைவியைப் பார்த்தார்கள்.

அவரும் வந்திருந்தார். தளம் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"எங்க சார்? அந்தப் பணம் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்கும் வண்டி ரிப்பேருக்கும் போய்டுச்சி. ஷீட்டு மேல தார்ப்பாய் போட்டுக்கினு இருக்கோம்."

எடுக்காமல் கட்டிக்கொண்டே வந்திருந்தால் இந்நேரம் தளத்துக்கான பணம் கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டே அவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு நீங்க சொன்னதாலதான் சார் அந்தப் பணமாவது கைக்கு வந்துச்சி" என்றார். நிஜமாகவே நன்றியோடு சொன்னார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போலக் கேட்டார்: "நீங்களும் அன்னிக்கு எட்த்துட்டீங்களா சார்?"

இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அறை நிறைய ஆட்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் முகத்தில் என் மேல் ஒரு பரிதாபம் வந்தது.

"ஐயோ, உங்களுக்கும் போச்சா? அப்போ பரவால்ல சார். அல்லாருக்கும் ஆனதுதான. மனசுல வெச்சிக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, ஓடிபி எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்.