தணிக்கைக்குப் போன மன்னிப்புக் கடிதம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வந்து பஸ் மாறிப் போவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு ஒரே தடை, என் ஃபைலில் இருந்த ஒரு மெமோ.

ஒருநாள் காலை ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்து எழுந்துகொண்டிருந்தன. நெட்வொர்க் வழியாகப் பரவும் வைரஸ். அதைத் தடுக்கும் பேட்ச் என்கிற திருத்த மென்பொருள் வந்து ஒரு மாதமாகியிருந்தது. வேலை நிற்கும் என்று எங்கள் மேனேஜர்தான் போட விடவில்லை. யாரையும் கேட்காமல் ஸ்டோர்ஸுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராக வைரஸை நீக்கி, சிடியிலிருந்து பேட்ச் போட்டு, மதியம் மறுபடி இணைத்தேன். அதுவரை ஸ்டோர்ஸில் பில் போட முடியாமல் லாரிகள் நின்றன. அனுமதியில்லாமல் லாரி லோடிங்கை நிறுத்தினேன் என்று மெமோ வந்தது. எங்கள் கம்பெனி வழக்கப்படி அதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். எரிச்சலில் நடந்ததையெல்லாம் மணி நிமிடத்தோடு எழுதி, கடைசி வரியில் மட்டும் வருத்தம் தெரிவித்தேன்.

சில மாதம் கழித்து வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு அம்மா கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தார். ஸ்கேன் அறிக்கையையும் பேட்ச் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பேட்ச் இல்லை. அப்படியே விடலாம் என்று கையெழுத்துப் போட்டது யார் என்றார். யாரும் இல்லை. குறித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் பாதுகாப்புச் சம்பவம் ஏதாவது?"

"ஒண்ணுமே இல்ல மேடம்," என்றார் மேனேஜர் பெருமையாக.

"ஒரே நாள்ல பத்தொன்பது கம்ப்யூட்டர்ல ஒரே வைரஸ்னு உங்க ஆன்டிவைரஸ் சொல்லுதே. நடந்தது குத்தமில்ல சார். என்ன செஞ்சீங்கன்னு அப்பவே எழுதி வெச்சது வேணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தானே இத்தனை நாள் பாடுபட்டோம்?

மேனேஜர் என்னை வெளியே இழுத்தார். "இன்னாபா, பழைய தேதி போட்டு ஒண்ணு எழுதிக் குடு."

"அன்னிக்கே எழுதினது ஒண்ணு கீது சார். என் ஃபைல்ல."

கடிதம் வந்தது. அந்த அம்மா இரண்டு முறை படித்தார். "கண்டுபிடிச்ச நேரம், துண்டிச்ச நேரம், பேட்ச் போட்டது, இணைச்சது எல்லாமே இருக்கு. எதுக்கு வருத்தம் தெரிவிச்சிருக்கீங்க?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

தணிக்கையில் தேறினோம். வைரஸ் பரவாமல் உடனே துண்டித்ததை அறிக்கை பாராட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மெமோவை ரத்து செய்யச் சொல்லி பர்சனல் ஆபீசரிடம் ஓடினேன்.

"அது எப்பிடிப்பா முடியும்?" என்றார் அவர். "மெமோவும் உன் லெட்டரும் இப்போ ஆடிட் ஆதாரம். மூணு வருஷம் கை வெக்கக் கூடாதாம்."

"அப்போ என் கன்ஃபர்மேஷன் சார்?"

"ஃபைல்ல மெமோ கீதே," என்றார்.