மூடியைத் திறந்து பத்து நிமிடம்

தெம்பனிஸ் வட்டாரத்தில் எட்டாம் மாடியில் வசிக்கும் நெய்னா முகம்மது, கிடங்கு ஒன்றில் முப்பது ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஏணியில் ஏறுவதற்கே பதினான்கு படிநிலை எழுதிக்கொடுத்த மேதை. அடுப்பை மட்டும் அவர் ஆய்வு செய்ததில்லை. அது மனைவி பதுருன்னிசாவின் எல்லை.

பதுருன்னிசா மௌத்தாகி, அடக்கம் செய்து நான்கு மாதம். இப்போது நெய்னா முகம்மதுக்குச் சளி. அவள் இடித்து வைத்த சுக்குமல்லிப் பொடி போத்தலில் எட்டுத் தேக்கரண்டி இருந்தது. ஒரு முறையாவது அவள் போட்டதுபோலவே போட்டுக் குடித்துவிட வேண்டும் என்று அவர் தீர்மானம் நிறைவேற்றினார். எதிர்ப்பவர் யாரும் வீட்டில் இல்லை.

இரண்டு தம்ளர் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி பொடி, ஒரு துண்டு கருப்பட்டி. அளவு சரி. மூன்று நாள், மூன்று முறை, மூன்றும் வாசனை பிடித்த வெந்நீர். தொட்டியில் கொட்டினார். போத்தலில் மிச்சம் இரண்டே தேக்கரண்டி.

சனிக்கிழமை பாசிர் ரிஸிலிருந்து மகள் ஃபர்சானா வந்தாள். இருமலைக் கேட்டாள், அடுப்பில் சுக்கு வாசனையோடு மூடிக் கிடந்த காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வாப்பா, மூடி போட்டா கொதிக்க வைக்கிறீங்க?"

"ஆவி அலமாரியில படியுதுன்னு உம்மா எத்தனை தடவ சத்தம் போட்டிருக்கா. சேஃப்டி."

"அது மீன் பொரிக்கிறப்ப லா. இதுக்கு மூடக் கூடாது. மூடுனா தண்ணி எப்படி வத்தும்? மிதமான தீயில பத்து நிமிஷம். ரெண்டு தம்ளர் ஒண்ணாகணும்."

"பாதியாக்கணும்னுதான் அவ சொன்னா. எதப் பாதியாக்கணும்னு சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா?"

அதிகாரி போத்தலை எடுத்தார். கடைசி இரண்டு தேக்கரண்டியையும் போட்டார். மகளை அடுப்பைத் தொட விடவில்லை. மூடியில்லாத பாத்திரத்தின் முன் கைக்கடிகாரத்தோடு நின்றார். தண்ணீர் கருத்தது, இறங்கியது, மிளகின் காரம் மூக்கில் ஏறியது. பத்தாவது நிமிடத்தில் அணைத்து வடிகட்டி ஒரு வாய் குடித்தார். அதேதான். ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த வாய்க்கு எடுத்த தம்ளர் பாதியில் நின்றது.

"சுடுதா வாப்பா?"

"இல்ல." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "போன நோன்புக்கு முன்னாடி உம்மாவுக்கு நெஞ்சுச் சளி, படுத்திருந்தா. சுக்கு காபி போட்டுத் தர்றீங்களான்னு ஒரே ஒரு தடவ கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கம். கடையில பாக்கெட் இஞ்சி டீ வாங்கி, வெந்நி ஊத்திக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லாமக் குடிச்சா."

ஃபர்சானா அவர் தோளைத் தொட்டாள். "உம்மா அதெல்லாம் மனசுல வைக்க மாட்டாங்க. நான் புதுசா இடிச்சுத் தர்றேன் வாப்பா. லிட்டில் இந்தியாவுல சுக்கு கிடைக்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்," என்றார். "பத்தே நிமிஷம்தான் ஆகுது, ஃபர்சானா."