நின்றுபோன கசிவு

எங்கள் நாய் வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர் குடிப்பாள். அந்த வாரம் ஏழு கிண்ணம் குடித்தாள். எண்ணியது நான்தான். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் எதையாவது எண்ணாமல் எனக்குப் பொழுது போகாது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நிரப்பி வைத்தால் அதையும் நக்கித் தீர்ப்பாள். பிறகு நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிப்பாள். இந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அப்படிச் செய்ததில்லை.

எனக்குச் சர்க்கரை வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. தாகம், சிறுநீர், சோர்வு, மறுபடியும் தாகம். ஆகவே எனக்குச் சந்தேகமே எழவில்லை. என்னுடைய சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துவந்து, அவள் காது மடலின் ஓரத்தில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்தேன். தொண்ணூற்றிரண்டு. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா? என்னைவிட இவளுக்கு நார்மலா இருக்கு."

"அவ காதை ஏங்க குத்தினீங்க? வெயிலுக்குத் தண்ணி குடிக்கிறா. அதுக்குப்போய் டெஸ்ட்டாம்."

கருவி பொய் சொல்லவில்லை. நான் அதைக் கேட்ட கேள்விதான் தப்பு.

மறுநாள் தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை தெரிந்தது. பழுப்பும் சிவப்புமாக, கொஞ்சம் கொழகொழப்பாக. அவள் ஓயாமல் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் தூரமாயிட்டா" என்றாள். நாய்க்கு வருடத்துக்கு இரண்டு முறை அப்படி வரும். வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையறை இருக்கிற வீடு என்று என் மனைவி அவளைப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய சேலையை விரித்து விட்டுவிடுவாள். உணவும் தண்ணீரும் அங்கேயே போகும். நின்றதும் தலைக்கு ஊற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே அழைத்துக்கொள்வாள். மனிதர்களுக்கே இந்த வழக்கத்தை விட்டுவிட்ட தெருவில், நாய்க்கு மட்டும் அதைக் கைவிடாத வீடு எங்களுடையது.

"போன தடவை வந்து ஒன்றரை மாசம்தானே ஆச்சு?" என்று கேட்டேன்.

"வயசானா முன்னபின்ன வரும். எனக்கு வரலையா?"

கருப்பை விஷயத்தில் என் மனைவிக்குத்தான் அனுபவம். அவளுக்கு நாற்பத்தைந்து வயதில் கருப்பையை எடுத்தார்கள். தையல் பிரிந்து, சீழ் வைத்து, இரண்டாம் முறை திறந்தார்கள். நாய் குட்டியாக இருந்தபோது ஊசி போட வந்த டாக்டர், "கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க, பின்னால நல்லது" என்றார். என் மனைவி அன்று சொன்ன பதில் இது: "நான் பட்டது போதும். வாயில்லாத ஜீவனுக்கு வேணாம்." அன்பினால் எடுத்த முடிவு அது. அதை நானும் மறுக்கவில்லை.

இந்த முறையும் பின்கட்டில் விட்டதால் நாயை நாங்கள் முன்போல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாதம் மிஞ்சியது. இருமுறை வாந்தி எடுத்திருந்தாள். கசிவில் ஒரு நாற்றம் இருந்தது. சாக்கடை நாற்றம் என்று நினைத்து நான் பினாயில் ஊற்றினேன். பிறகு ஒரு காலை சேலையில் கறையே இல்லை.

"நின்னுபோச்சுங்க" என்றாள் என் மனைவி, பெரிய பாரம் இறங்கியவளாக. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, மஞ்சள் தெளித்து, உள்ளே கொண்டுவந்து விட்டாள். நான் துவட்டும்போதுதான் நாயின் வயிறு கையில் தட்டுப்பட்டது. சாப்பிடாத நாய்க்கு வயிறு எப்படி ஊதும்? தோல் பறையைப் போல இறுகியிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஈறு வெளுத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தவள், பின்னங்கால் மடங்கி விழுந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அரசு கால்நடை மருந்தகம் திறக்காது. பூந்தமல்லியில் ஸ்கேன் வைத்திருக்கிற ஒரு தனியார் மருத்துவமனை ஞாயிறும் உண்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திருமழிசையில் எங்கள் தெரு முனையில் நின்ற ஆட்டோவை அழைத்தேன். நாயைப் பார்த்ததும் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னா பெரிசு, சொல்லவே இல்ல நாய்னு? சீட்ல ஏத்தாத, கீழ போடு."

என் மனைவி அவளைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் திரும்பி வயிற்றைப் பார்த்தார்.

"குட்டி போடப் போவுதா ஆயா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. சாவப் போறா."

அவர் முன்பக்கம் திரும்பி வேகத்தைக் கூட்டினார். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் வண்டிகள் எல்லாம் நின்றுபோயின. நாயின் மூச்சை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தப்பி, மறுபடி தொடங்கி, பயத்தில் விட்டுவிட்டேன். என் மனைவி அவள் காதில் "பாப்பா, பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவர் திடீரென்று "கெட்டியா புட்ச்சுக்கோங்க" என்றார். வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கினார். திட்டிய பைக்காரனுக்கு, "உயிரு போவுதுடா, ஓரம் போ நைனா" என்று பதில் கூச்சல் போட்டார்.

மருத்துவமனையில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். வயிற்றில் கையை வைத்தவர், என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணலையாம்மா?" என்பதுதான். இரண்டாவது, "கடைசியா ஹீட், அதான் தூரம், எப்ப வந்தது?" மூன்றாவது, "கசிவு இருந்ததா?"

"இருந்தது டாக்டர். ஆனா நின்னுடுச்சு. இன்னிக்குத்தான் தலைக்கு ஊத்தினேன்" என்றாள் என் மனைவி.

டாக்டர் ஸ்கேன் எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் குழாய்கள், பெரிய பெரிய கறுப்புக் குழாய்கள்.

"இது எல்லாம் சீழ். கருப்பை முழுக்க நிறைஞ்சிருக்கு. பயோமெட்ரான்னு சொல்வோம். ஒவ்வொரு ஹீட்டுக்கு அப்புறமும் ஹார்மோனால கருப்பையோட உள்தோல் தடிச்சிக்கிட்டே போகும். வயசான நாய்க்கு அதுல கிருமி புகுந்தா வெளிய போகாது. கருப்பை வாய் திறந்திருந்தா கசியும், நாம பாப்போம். மூடிக்கிச்சுன்னா கசிவு நிக்கும்."

"அப்ப நின்னது..."

"நல்லதுக்கு நிக்கலம்மா. உள்ள அடைச்சுக்கிச்சு."

நான் என் சர்க்கரை சோதனையைச் சொன்னேன்; சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை.

"தாகம்னா சர்க்கரைய சந்தேகப்பட்டது தப்பில்ல சார். ஆனா இங்க விஷம் ரத்தத்துல கலந்து கிட்னிய தாக்குது. கிட்னியால தண்ணிய புடிச்சு வைக்க முடியல. அதனாலதான் அவ்வளவு குடிக்கிறா. ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள பெண் நாய் இப்படிக் குடிச்சா, முதல்ல கருப்பையப் பாக்கணும்."

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளணுக்கள் எகிறியிருந்தன. கிட்னியின் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தது. டிரிப் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் போட்டு, உடம்பைக் கொஞ்சம் தேற்றிவிட்டு, இன்றைக்கே கருப்பையையும் சூலகத்தையும் எடுத்தாக வேண்டும் என்றார்.

"ஊசியிலயே சரி பண்ணுங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. "கத்தி வேணாம். எனக்குப் பண்ணினாங்க, எனக்குத் தெரியும். இந்த வயசுல மயக்க மருந்து தாங்க மாட்டா."

"தாங்காமப் போகலாம். அதை மறைக்கல. ஆனா ஊசி மட்டும் போட்டா சீழ் அங்கயேதான் இருக்கும். கருப்பை எப்ப வேணா கிழியும். கிழிஞ்சா வயிறு முழுக்கப் பரவிடும், அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்குப் பாக்கலாம்னு சொல்ற வியாதி இல்லம்மா இது."

"நாளைக்குக் காலையில..." என்று நான் இழுத்தேன்.

"நாளைக்கு இருப்பாளான்னு சொல்ல முடியாது சார்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். எடுத்தால் மேசையில் போகலாம். எடுக்காவிட்டால் வீட்டில், எங்கள் கண்ணெதிரில், வயிறு கிழிந்து போவாள். என் மனைவி குனிந்து நாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். நாய் முனகினாள். கையை எடுக்காமலேயே என் மனைவி, "எடுத்துடுங்க" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் ஒரு மணி நேரம் யோசித்திருப்பேன்.

டிரிப் ஓடி முடியும்வரை நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தோம். பிற்பகலில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் என் மனைவி அழுதாள். "நானே அவளைப் பின்னால ஒதுக்கி வெச்சேங்க. நின்னுடுச்சுன்னு குளிப்பாட்டினேன், இந்தக் கையாலதான்." நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "நானும் பினாயில் ஊத்தினேன்" என்பதுதான்.

கதவு திறந்தபோது டாக்டரின் முகமூடி கழுத்தில் தொங்கியது. உதவியாளர் ஒரு ஸ்டீல் தட்டை எடுத்துவந்தார். கொழுத்த இரண்டு குடல்களைப் போல, பளபளவென்று, கிழிந்துவிடும் தறுவாயில் கருப்பை இருந்தது. "ஒரு இடத்துல கண்ணாடி மாதிரி மெலிஞ்சிருந்தது. கிழியாம வெளிய எடுத்துட்டேன்" என்றார் டாக்டர். "மயக்கம் தெளியணும். கிட்னி திரும்பணும். மூணு நாள் இங்கயே இருக்கட்டும்."

மயக்கம் தெளிய வெகுநேரம் ஆனது. கண் திறந்தவள் எங்களை அடையாளம் காணவில்லை. நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. அவள் திரும்பி வரவில்லை, உடம்பு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நான் அன்று நிச்சயமாக நம்பினேன். மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை என் மனைவி விரலில் தொட்டு நீட்டிய தயிர்சாதத்தை முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு என்ன நினைத்தாளோ, நக்கினாள்.

அழைத்துவர அதே ஆட்டோ. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு கட்டியிருந்தார்கள்.

"இன்னா பெரிசு, லவுட்ஸ்பீக்கரோட கூட்டியாறே? மீட்டிங் கீதா?"

"சிரிக்காத. இன்னும் கிட்னி சரியாகல" என்றேன்.

"உன்னைக் கேட்டா எதுதான் சரியாச்சுன்னு சொல்லப் போறே?" என்றார். என் மனைவி சிரித்தாள். ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான்.

கிரியேட்டினின் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள். என் மனைவி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சேலையை எரித்துவிட்டு, நாயின் படுக்கையைப் பூஜையறை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறாள். கூம்பு கதவு நிலையில் இடித்துக்கொண்டிருக்க, அவள் அங்கே படுத்திருக்கிறாள். மூச்சு சீராகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நான் அருகில் போய் உட்கார்ந்து, எதற்கும் ஒருமுறை அவள் விலாவில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.